வேன் டயரில் எழுதியிருப்பதை வாசிப்போம்

எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்கார நானா ஒருவர், பின் சில்லுகள் இரண்டுக்கும் டயர் மாற்றிவிட்டுப் பெற்றோர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பாவித்த டயர்கள்தான், ஆனால் தவாளிப்பு நல்ல ஆழம். "பாருங்க, புதுசு மாதிரி" என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது டயரின் பக்கவாட்டில் இப்படி இருந்தது:

```
195/80R15 96S
```

அதே வேனின் முன் டயரில் இருந்தது இது:

```
195/80R15 107/105L LT
```

முதல் பாதி இரண்டிலும் ஒன்றுதான். பலரும் அதோடு நிறுத்திவிடுவோம். வாங்கும்போதும் "195, 15" என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். ஆகவே அந்தப் பாதியை முதலில் விளங்கிக்கொள்வோம்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 80 என்பது மில்லிமீற்றர் அல்ல, அது வீதம். ரிம்மின் விளிம்பிலிருந்து டயர் எழும்பி நிற்கும் உயரம், அகலத்தில் 80 வீதம். அதாவது 156 மில்லிமீற்றர். ஆர் என்ற எழுத்து ரேடியல் டயர் என்பதைக் காட்டுகிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவ்வளவும் சொல்வது ஒரே ஒரு விடயத்தைத்தான்: இந்த டயர் இந்த ரிம்மில் ஏறும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது சொல்லவில்லை.

பாரத்தைச் சொல்வது அடுத்து வரும் எண். அது கிலோகிராம் அல்ல, ஓர் அட்டவணையின் இலக்கம். 96 என்றால் ஒரு டயர் ஆகக்கூடியது 710 கிலோ தாங்கும். 107 என்றால் 975 கிலோ. 105 என்றால் 925 கிலோ. 107/105 என்று இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம், சில வாகனங்களில் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சில்லுகள் சேர்த்துப் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது எண், தனிச் சில்லுக்கு முதல் எண். எங்கள் வேன்களில் தனிச் சில்லு என்பதால் 107ஐப் பார்த்தால் போதும். கடைசியில் உள்ள எல்.டி. என்ற எழுத்துகள், இது வேன், சிறு லொறி போன்ற பாரம் ஏற்றும் வாகனங்களுக்காகச் செய்த டயர் என்பதற்கு அடையாளம். 96 போட்ட டயர் கார், சிறிய ஜீப் வகைக்கு உரியது.

நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார்: "சேர், பழையதில எல், இதில எஸ். எஸ்தானே கூட? அப்ப இதுதானே நல்ல டயர்?" நியாயமான கேள்வி. கடையிலும் அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த எழுத்து வேகத்துக்கானது. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர் வரை, எஸ் என்றால் 180 வரை. எங்கள் பாதையில் பாடசாலை வேனுக்கு 180 எதற்கு? வேக எழுத்து கூடியதால் பாரம் தாங்கும் சக்தி கூடாது.

பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெறும் வேன் 1,800 கிலோ என்று எடுத்தோம். 14 பிள்ளைகள், ஆளுக்கு 35 கிலோ என்றால் 490. சாரதியோடு மொத்தம் ஏறக்குறைய 2,350 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக, 1,250 கிலோ பின் சில்லுகளுக்குப் போனாலும் ஒரு டயருக்கு 625 கிலோ. 710க்குள்தான் இருக்கிறது. "அப்ப பிரச்சினை இல்லையே" என்றார் நானா.

ஆனால் அதே வேன் சனி, ஞாயிறுகளில் கல்யாண ஹயர் போகிறது. 14 பெரியவர்கள், ஆளுக்கு 65 கிலோ என்றால் 910. பின்னால் பைகளும் சாப்பாட்டுச் சட்டிகளும் 150. சாரதியோடு 2,900 தாண்டுகிறது. சாமான் எல்லாம் பின்பக்கம் என்பதால் பின் சில்லுகளுக்கு 1,650 கிலோ என்று வைத்தால், ஒரு டயருக்கு 825. அதாவது தாங்கக்கூடியதை விட 115 கிலோ கூட. அந்தப் பாரத்தில் டயரின் பக்கச் சுவர் அளவுக்கு மேல் மடிந்து மடிந்து சூடாகிறது. உள்ளே இறப்பரும் கம்பிப் படையும் ஒட்டியிருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பட்ட காயத்தோடு திங்கட்கிழமை காலை பிள்ளைகள் ஏறுகிறார்கள். காற்றுக் குறைவாக இருந்தால் 107 டயருக்கும் இதே கதிதான். எழுதியுள்ள பாரம், காற்று சரியாக இருந்தால் மட்டும்தான்.

அடுத்தது வயது. நானா அனுப்பிய படத்தில் அது இருக்கவில்லை. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரி இருந்தது, ஆனால் கடைசியில் நான்கு இலக்கங்கள் இல்லை. பல டயர்களில் அந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டிருந்தால் வேனுக்குக் கீழே குனிந்துதான் படம் எடுக்க வேண்டும். கறுப்பில் கறுப்பு என்பதால் படத்தில் தெரியாது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பின் வெண்கட்டியைப் படுக்கையாக வைத்து எழுத்துகளின் மேல் தேய்த்தால் பளிச்சென்று வரும். அல்லது டோர்ச் லைட்டை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்.

அப்படி எடுத்த படத்தில் இருந்தது இது:

```
1314
```

முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2014ஆம் ஆண்டின் 13ஆவது வாரம், அதாவது மார்ச் மாத இறுதி. பத்து வருடம் தாண்டிய டயர். ஓடாமல் கிடந்ததால்தான் தவாளிப்பு ஆழமாக இருந்திருக்கிறது. ஓடாவிட்டாலும் இறப்பர் காற்றுப் பட்டு இறுகிக்கொண்டே போகும். டாக் அடித்த டயரிலும் இதையே பாருங்கள். மேலே ஒட்டியது புதிது, உள்ளே இருக்கும் டயரின் வயது அந்த நான்கு இலக்கத்தில்தான் இருக்கிறது.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு கோச் பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல வருடம் விடாமல் போராடினார். 2021 பெப்ரவரியிலிருந்து அங்கே பஸ், லொறிகளின் முன் சில்லுகளுக்கும், மினிபஸ்ஸின் தனிச் சில்லுகளுக்கும் பத்து வருடம் தாண்டிய டயர் போடத் தடை.

நானாவுக்கு டயர் வாங்கிய காசு திரும்பக் கிடைக்கவில்லை. அவரும் நாலு பிள்ளைகளோடு அந்த வேனில்தான் சீவிக்கிறார். "கழற்று" என்று சொல்வது லேசு. ஆகவே பெற்றோர் சேர்ந்து அடுத்த மாத வேன் காசை முன்கூட்டியே கொடுத்தோம். 107 போட்ட எல்.டி. டயர் இரண்டு இப்போது பின்னால் இருக்கிறது. கழற்றியவற்றை இன்னொரு வேனுக்குப் போகாதபடி நானாவே பக்கச் சுவரில் வெட்டிவிட்டார்.

உங்கள் பிள்ளை போகும் வேனில், சாரதியின் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் மொழியில் இருந்தாலும் டயர் எண்களை வாசிக்கலாம். அதையும் நான்கு டயர்களையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாரத்தின் எண் ஸ்டிக்கரில் உள்ளதை விடக் குறைந்திருந்தால், சாரதியோடு சண்டைக்குப் போகாமல், மற்றப் பெற்றோரோடு முதலில் கதையுங்கள்.