வணக்கம் மதாம், உங்கள் நடராஜர் இப்போது மெழுகில் இருக்கிறார்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை. அங்கே ஒரு சிறிய வெண்கலச் சிலைப் பட்டறைக்குப் பிரான்சிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லியோன் நகரத்து அம்மா ஒருவர் வீட்டில் வைக்க 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நடராஜர் கேட்டிருக்கிறார். கொட்டேஷன் போயிற்று. அவர் அதன் அடியில் தன் கையால் 'போன் பூர் அக்கோர்' (சம்மதம் என்று அர்த்தம்) என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் இது பழைய வழக்கம். இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் கொட்டேஷன் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது.

அடுத்து பட்டறையிலிருந்து ஒரு வரவேற்பு மெயில் போக வேண்டும். 'உங்களை வரவேற்கிறோம், இனி இன்னின்ன நடக்கும், இன்னாரிடம் பேசுங்கள்' என்று ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம். ஸ்தபதிக்குப் பிரெஞ்சு தெரியாது. காரைக்காலில் பிரெஞ்சு படித்த ஒரு பெண் எழுதித் தருகிறாள். (டெல்டாவில் பிரெஞ்சு தெரிந்த ஆள் எங்கே கிடைப்பார் என்று யோசிக்க வேண்டாம். 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில காலம் நீங்கலாக, காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது.)

மெயிலின் முதல் வரியில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. 'பொன்ழூர் மதாம்' என்று தொடங்கி, பிறகு அவருடைய குடும்பப் பெயர். ஆங்கிலப் பழக்கத்தில் முதல் பெயரைச் சொல்லி அழைப்பதோ, 'நீ' என்கிற 'த்யு' போடுவதோ கூடாது. கடைசி வரை 'வூ', அதாவது 'நீங்கள்'தான். நம் ஊரில் வயதில் பெரியவரை 'வாங்க, போங்க' என்பதற்குச் சமம் என்பதால் தமிழ்க்காரருக்கு இது ஆங்கிலத்தை விடவே சுலபம்.

சிக்கல் இரண்டாவது பத்தியில், பணத்தில் தொடங்குகிறது.

பாதி விலை முன்பணம். தமிழில் 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். பிரெஞ்சில் இரண்டு சொல் இருக்கிறது, சட்டத்தில் இரண்டுக்கும் வேறு வேறு விளைவு. ஒன்று 'அகோந்த்'. இதைக் கொடுத்தவர் வாங்குவது உறுதி, விற்பவர் கொடுப்பதும் உறுதி. பின்வாங்கினால் எதிர்த்தரப்பு நஷ்ட ஈடு கேட்கலாம். இன்னொன்று 'ஆர்'. இதில் வாங்குபவர் மனம் மாறினால் அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம். விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். பிரெஞ்சு நுகர்வோர் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஒரு வியாபாரிக்குச் சாதாரண வாடிக்கையாளர் முன்கூட்டியே தரும் பணம் பொதுவாக 'ஆர்' என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே கொட்டேஷனில் 'அகோந்த்' என்று இருந்தால் மெயிலிலும் அதே சொல்தான் வர வேண்டும். அழகுக்காக ஒரு இடத்தில் ஒன்றும் இன்னொரு இடத்தில் மற்றொன்றும் போட்டால் நாளைக்கு வாடிக்கையாளர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது.

தொகையை எழுதும் விதமும் கவனிக்க வேண்டியது. 1,500 யூரோ என்று நம் வழக்கப்படி கமா போட்டால் பிரெஞ்சுக் கண்ணுக்கு அது ஒன்றரை யூரோ. அங்கே கமாதான் தசமப் புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி மட்டும் விடுவார்கள்: 1 500,00. கூடவே ஒரு வரி சேர்ப்பது நல்லது. இந்திய வங்கிக் கணக்குகளுக்கு 'ஐபான்' எண் கிடையாது, கணக்கு எண்ணும் சுவிஃப்ட் கோடும்தான். இதைச் சொல்லாமல் விட்டால், அந்த அம்மா தன் வங்கிப் படிவத்தில் ஐபான் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் திரும்பி மெயில் எழுதுவார். ஒரு வாரம் போய்விடும்.

இப்போது மெயிலின் உயிரான பகுதி, அடுத்து என்ன நடக்கும் என்பது. எழுதிக் கொடுக்கும் பெண் முதலில் 'உங்கள் சிலையின் வேலை விரைவில் ஆரம்பமாகும், அவ்வப்போது தகவல் தருவோம்' என்று பொதுவாக எழுதுகிறாள். ஸ்தபதி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறார்.

"அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. மெழுகைப் பாத்துட்டு பதில் சொல்லச் சொல்லு. மண்ணு போட்டாச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் கை கொஞ்சம் தூக்கியிருக்கலாமேன்னா எங்கே போறது?"

"சரிங்கய்யா, தேதி போட்டுடட்டுமா?"

"போட்டுடு."

இந்த நான்கு வரியில் முழு மெயிலும் இருக்கிறது. சுவாமிமலை வார்ப்பு என்பது மெழுகை இழக்கும் முறை. பிரெஞ்சிலும் அதே பெயர்தான், 'சீர் பெர்துய்', இழந்த மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து முழு உருவத்தையும் மெழுகில் செய்வார்கள். அளவுக்குத் தென்னை ஓலையை மடித்து வைத்துக்கொள்வார்கள். அதன் மேல் முதலில் காவிரியின் நைஸான வண்டல் மண், பிறகு கரடான மண் என்று அடுக்கடுக்காகப் பூசி, கம்பி கட்டி, நிழலில் காய வைப்பார்கள். பிறகு சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தெடுப்பார்கள். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. மிஞ்சுவது ஒரே ஒரு சிலை. திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்துதான்.

எனவே வாடிக்கையாளர் கருத்துச் சொல்லக்கூடிய உண்மையான கட்டம் ஒன்றே ஒன்று, அது மெழுகு. மெயில் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மெழுகு உருவத்தை முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு என்று நாலு படம் எடுத்து இன்ன தேதியில் அனுப்புவோம். இன்ன தேதிக்குள் எழுத்தில் சம்மதம் சொல்லுங்கள். சம்மதம் வந்த பிறகே மண் பூசுவோம். அதற்குப் பின் உருவத்தில் மாற்றம் செய்ய இயலாது. இது முரட்டுத்தனமாகப் படலாம், ஆனால் பிரெஞ்சு வியாபாரக் கடிதங்களில் இப்படித் தெளிவாகச் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

உயரத்தையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். 45 சென்டிமீட்டர் என்பது பீடத்தோடா, பீடம் இல்லாமலா? நடராஜருக்குத் திருவாசி உண்டு, அது தலைக்கு மேலே போகும். திருவாசியோடு 45 என்று அந்த அம்மா அலமாரியை அளந்து வைத்திருக்க, பட்டறையில் சாமி மட்டும் 45 என்று எடுத்துக்கொண்டால் சிலை அலமாரிக்குள் போகாது. இதற்கு ஒரு வரி போதும்: 'பீடமும் திருவாசியும் சேர்த்து மொத்த உயரம் 45 செ.மீ.'

மண் பூசிய பிறகு நடப்பவற்றை மெயிலில் நீட்ட வேண்டியதில்லை. வார்ப்பு, பிறகு உளியால் பல வாரம் செதுக்கல், மெருகு, பேக்கிங். தேதி கொடுக்கும்போது மட்டும் கவனம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அச்சு காய்வதற்கு நாளாகும். ஈரம் தங்கிய அச்சில் கொதிக்கும் உலோகத்தை ஊற்றினால் ஆவி கிளம்பி வார்ப்பு பாழ். அதோடு ஏற்றுமதிக்கு முன் 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை நாட்டை விட்டுப் போகக் கூடாது. நேற்று வார்த்த சிலையும் பார்வைக்குச் சோழர் காலத்துச் சிலை போலத்தானே இருக்கும்! அந்தச் சான்றிதழ் எந்த நாளில் கைக்கு வரும் என்பது பட்டறையின் கையில் இல்லை. 'சான்றிதழ் கிடைத்ததும் அனுப்புவோம்' என்று எழுதுவதே நேர்மை.

இந்த இடத்தில்தான் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு எழுதுபவர்கள் வழுக்கி விழுவார்கள். 'கடைசியில் சிலை உங்களிடம் வந்து சேரும்' என்று சொல்ல நினைத்து 'எவாந்துயெல்மான்' என்று போட்டுவிடுவார்கள், 'எவென்சுவலி' மாதிரியே இருக்கிறதே என்று. பிரெஞ்சில் அதன் அர்த்தம் 'ஒருவேளை'. ஒருவேளை சிலை வரலாம்! பாதிப் பணம் கட்டிய மனுஷி இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

கடைசிப் பகுதி, யாரிடம் பேசுவது. இரண்டு பேர் போதும். ஒருவர் சிலை பற்றி, அது ஸ்தபதி, எழுதித் தருபவர் மூலமாக. இன்னொருவர் பணமும் கப்பலும் பற்றி. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எந்த விஷயத்துக்கு என்று எழுத வேண்டும். இல்லையென்றால் எல்லா மெயிலும் எல்லோருக்கும் போகும், அவர் பதில் போட்டிருப்பார் என்று இவர் சும்மா இருப்பார்.

பெயரிலேயே ஒரு வம்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் சொந்தப் பெயரை முதலில் எழுதி, குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவார். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? செ. கவிதா என்று கையெழுத்துப் போட்டால் 'செ' என்ன என்று கேள்வி வரும். கவிதா செல்வராஜ் என்று விரித்து எழுதினால் பதில் 'பொன்ழூர் மதாம் செல்வராஜ்' என்று வரும், கவிதாவின் அப்பாவுக்கு! இது புதுப் பிரச்சினையும் அல்ல. 1881 செப்டம்பரில் வந்த ஒரு பிரெஞ்சு ஆணைப்படி, புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களில் தம் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனது அப்படித்தான். மெயில் எழுதுகிற கவிதா அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெயருக்குக் கீழே 'என்னை மதாம் கவிதா என்று அழைக்கலாம்' என்று ஒரு வரி போட்டால் போதும். கல்யாணம் ஆகவில்லையே என்று 'மத்மொசேல்' போடத் தேவையில்லை, 2012லேயே பிரெஞ்சு அரசுப் படிவங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

போன் நம்பருக்குப் பக்கத்தில் நேரம் கொடுக்கும்போது பிரான்ஸ் நேரத்தில் கொடுக்க வேண்டும். பட்டறை சாயங்காலம் ஆறு மணி வரை என்றால், குளிர்காலத்தில் அங்கே மதியம் ஒன்றரை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது அதே ஆறு மணி அங்கே இரண்டரை. மெயில் பிப்ரவரியில் போய், மெழுகுப் படங்கள் ஏப்ரலில் போவதாக இருந்தால், இரண்டு நேரத்தையும் சேர்த்தே எழுதிவிடலாம்.