திரும்பி வரும் வழி

2025-ல் மே 3 சனிக்கிழமையில் வந்தது. காந்தலில் இருப்பவர்களுக்கு அது குருசடித் திருவிழா நாள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் டயாலிசிஸ் நாளும்கூட.

செவ்வாய், வியாழன், சனி என்பது அவருடைய கணக்கு. சனிக்கிழமையைத் தவறவிட்டால் வியாழனுக்கும் அடுத்த செவ்வாய்க்கும் நடுவில் ஐந்து நாள் விழும். அதற்குள் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெள்ளிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மெஷின் எதுவும் காலி இல்லை.

சரி, காலை முதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிடலாம், தெருவை அடைப்பதற்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று திட்டம் போட்டேன். பெருமையாக அங்கிருந்த நர்ஸிடம் சொன்னதும் அவர் சிரித்தார். “போறது பிரச்சினை இல்ல தம்பி. திரும்பி வர்றதைப் பாருங்க.”

அவர் சொன்னது சரி. நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் வெளியேறிய பிறகு பிரஷர் இறங்கியிருக்கும். எழுந்து நின்றாலே அப்பாவுக்குத் தலை சுற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பதால், ஊசி எடுத்த இடத்தில் யாராவது முழங்கையால் இடித்தால் மறுபடி ரத்தம் வரலாம். கூட்டத்தில் பாசமாகக் கையைப் பிடித்து இழுக்கிற ஒரு உறவுக்காரர் போதும். ஆனால் நாங்கள் திரும்புகிற நேரத்தில்தான் கூட்டம் முழுசாக நிற்கும், ஆட்டோவும் தெரு முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்தி இரண்டு படி.

இதில் சீசன் வேறு. ஊட்டிக்கு வெளியூர் வண்டிகள் வார இறுதியில் ஒரு நாளைக்கு 8,000 மட்டும் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்திருந்தது. எங்கள் டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம். ஆனால் பாஸ் வாங்கியவர்களுக்குப் பின்னால் நாங்களும் நிற்கத்தான் வேண்டும்.

அதனால் திட்டத்தைத் தலைகீழாக எழுதினேன். வீட்டுக்கே வரக்கூடாது. அடைப்புக்கு வெளியே, ஆட்டோ வாசல்வரை போகிற இடத்தில் அத்தை வீடு. அங்கே சாயங்காலம்வரை அப்பா படுத்துக்கொள்வார். விழா வேலை பார்க்கிற பையன்களில் ஒருவனிடம் என் நம்பரைக் கொடுத்து, தெரு எப்போது திறக்கும் என்பதைச் சொல்லச் சொன்னேன். அறிவிப்பில் போட்ட நேரத்தைவிட, கயிறு பிடித்து நிற்கிறவனுக்குத் தெரிகிற நேரம்தான் உண்மையானது.

மிச்சம் இருந்தது முந்தின நாள் இரவு. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவருக்குத் தூக்கம் வேண்டும். எங்கள் தெருவில் யாரோ கட்டிய குழாய் ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆனால் அதே விதியில், விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம் என்றும் இருக்கிறது. நூறுக்கு போன் போட்டு, யார் அனுமதி வாங்கினார்கள் என்று விசாரித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். மறுநாள் அதே பையன்களிடம்தான் நான் உதவியும் கேட்க வேண்டும்.

மைக் செட் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, திருப்பச் சொன்னேன். குழாய் ஸ்பீக்கர் டார்ச் லைட் மாதிரி. கூர்மையான ஒலியெல்லாம் அது பார்க்கிற திசையில்தான் பாயும், பக்கவாட்டில் வெகுவாகக் குறைந்துவிடும். பேச்சு புரிவதும் அந்தக் கூர்மையான ஒலியால்தான். புரிகிற பேச்சுதான் அப்பாவை எழுப்பும். அண்ணன் ஏணி போட்டு அதை மைதானப் பக்கம் திருப்பினார். “இதுக்கா தம்பி இவ்வளவு தயங்குனீங்க?” என்றார். பெட்டி ஸ்பீக்கரின் ‘தும் தும்’ மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. அதற்கு வழி இல்லை. அது திசை பார்ப்பதில்லை. அப்பா பதினொன்றரைக்குத் தூங்கினார்.

மறுநாள் எல்லாம் திட்டப்படி நடந்தது, அப்பாவைத் தவிர. நாலரை மணிக்கு அத்தை வீட்டில் எழுந்து உட்கார்ந்து, “நாப்பது வருஷமா இந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கேன். இன்னைக்கு மட்டும் ஒளிஞ்சுக்கணுமாடா?” என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்கு நான் போட்ட திட்டத்தில், அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதற்கு இடமே இல்லை.

பிரஷர் பார்த்தேன், பரவாயில்லை. முழுக்கை ஸ்வெட்டரை மாட்டி, ஊசி போட்ட கை சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி, முனையில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். கடைக்காரர் கேட்காமலே அரை டம்ளர் டீ கொடுத்தார். அப்பாவின் தண்ணீர் அளவு அவருக்கும் தெரிந்திருக்கிறது. போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று பேசினார்கள். ஆறேமுக்காலுக்கு போன் வந்தது: “அண்ணே, கயிறு எடுத்தாச்சு, வாங்க.”

“இருடா, இன்னும் கொஞ்ச நேரம்” என்றார் அப்பா.