இரவுகளை எண்ணும் நாட்காட்டி

விடுதி அறையொன்றை வாடகைக்கு விடுபவர் விற்பது நாட்களையன்று, இரவுகளையே. ஆனால் கணனித்திரையில் நாம் காணும் நாட்காட்டியோ நாட்களாலானது. அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு திகதியைத் தாங்கி நிற்கிறது. இரவுக்கென்று அங்கே தனியிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் என் உறவினர் ஒருவர் நடத்திவரும் ஐந்து அறைகள் கொண்ட சிறு விடுதிக்கு, தங்க விரும்புவோர் வரும் திகதியையும் புறப்படும் திகதியையும் தாமே தெரிவுசெய்யத்தக்க நாட்காட்டியொன்றை அமைத்துக் கொடுக்க முற்பட்டபோது, அப்பணியின் சிக்கல்களுட் பெரும்பாலானவை இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பதைக் கண்டேன்.

கேட்கப்பட்டது எளியதே. கடந்த திகதிகளையும், ஏற்கெனவே பதிவான இரவுகளையும் எவரும் தெரிவுசெய்ய முடியாதிருத்தல் வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் நாட்காட்டிகள் பல, தடுக்கவேண்டிய திகதிகளின் பட்டியலைப் பெற்று, அக்கட்டங்களை மங்கச் செய்து, அழுத்தினாலும் பயனற்றவையாக்கி விடுகின்றன. இவ்வளவும் போதுமெனத் தோன்றும். போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும்.

இரண்டாம் அறையை ஒருவர் ஓகஸ்ட் 10 முதல் 13 வரையும், மற்றொருவர் 15 முதல் 17 வரையும் பதிவுசெய்துள்ளனர் என்க. முதலாமவருக்குரிய இரவுகள் 10, 11, 12 ஆகியன. இரண்டாமவருக்குரியவை 15, 16. இப்போது மூன்றாமவர் ஒருவர் 13 இல் வந்து 15 இல் புறப்பட விரும்புகிறார். அவருக்கு வேண்டிய 13 ஆம், 14 ஆம் இரவுகள் வெறுமையாகவே உள்ளன. ஆயினும் 15 ஆம் கட்டம் மங்கியிருப்பதால் அவரால் அதனைப் புறப்படும் நாளாகத் தெரிய இயலாது. விற்கக்கூடிய இரவொன்று வீணாகிறது. என் உறவினரிடம் இதைக் கூறியபோது, "பதினைஞ்சாந் திகதி காலமை பத்தரைக்கு ஒராள் போனால், ரெண்டு மணிக்கு மற்ற ஆள் வரும். அதுக்கென்ன தம்பி?" என்றார். அவருடைய பதிவுக் கொப்பியில் இத்தகைய இடர்ப்பாடு என்றும் எழுந்ததில்லை. அவர் அதில் இரவுகளையே கோடிட்டு வந்திருக்கிறார்.

ஆகவே ஒரே திகதி, வரும் நாளாகக் கொள்ளப்படும்போது ஒரு பொருளையும், புறப்படும் நாளாகக் கொள்ளப்படும்போது வேறொரு பொருளையும் பெறுகிறது. நாட்காட்டியும் இருநிலைகளில் இயங்குதல் வேண்டும். முதல் அழுத்தத்திற்கு முன் 15 மங்கியிருக்கும், அவ்விரவு பிறருக்குரியது. 13 ஐ அழுத்தியதும் 15 உயிர்பெற, 16 முதலாக வரும் கட்டங்கள் யாவும் மங்கும். வரும் நாளுக்குப் பின் முதலாவதாகப் பதிவான இரவு எதுவோ, அதன் திகதியே புறப்படுதற்கு இறுதி எல்லை. இவ்வெல்லையை விதிக்காவிடின், 8 இல் வந்து 18 இல் புறப்படுவதாக ஒருவர் தெரிவுசெய்யலாம். இருமுனைகளும் வெறுமையாயிருக்க, இடையிலுள்ள பிறர் இரவுகளை அவர் தாண்டிச் சென்றுவிடுவார்.

இவையனைத்தையும் ஒரு வரியில் அடக்கிவிடலாம். வரும் திகதியை உள்ளடக்கிப் புறப்படும் திகதியை விலக்கி எண்ணினால், இரு பதிவுகள் மோதுவது இந்நிபந்தனை நிறைவேறும்போது மட்டுமே:

```
a.from < b.to && b.from < a.to
```

இங்கே `<` என்பதற்குப் பதிலாக `<=` இடப்பட்டால், முன்னர் கூறிய மூன்றாமவர் மீண்டும் தடுக்கப்படுவார். தவறு திரையில் வெளிப்படாது. ஒருவர் போகும் நாளில் மற்றொருவர் வருவதே இல்லையென்பதைப் பதிவுகளிற் கண்டால், இவ்வடையாளத்தை ஐயுறலாம்.

கடந்த திகதிகளைத் தடுப்பது இதனினும் எளிதென எண்ணுவோர், இன்று என்பது யாருடைய இன்று என வினவுதல் நன்று. ரொறன்ரோவில் கோடைகாலத்து 9 ஆந் திகதி இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் இப்பக்கத்தைத் திறக்கும்போது, யாழ்ப்பாணத்தில் 10 ஆந் திகதி காலை ஆறரை மணி. அவருடைய கணனியின் கணக்கில் 9 இன்னும் கடந்ததன்று. விடுதியிலோ அவ்விரவு முடிந்துவிட்டது. ஆதலால் இன்றைய திகதியை `Asia/Colombo` என்ற நேரவலயத்தைக் கொண்டே கணித்தல் வேண்டும். `toISOString()` தரும் திகதியை நம்புவதும் தகாது. அது உலகப் பொதுநேரத்தைத் தருவதால், நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை இலங்கையில் உள்ளவருக்கும் முந்திய நாளையே காட்டும். திகதிகளை `2026-08-13` என்னும் வடிவில் வெறும் எழுத்துகளாகவே வைத்து ஒப்பிட்டால் இத்தொல்லை பெரிதும் ஒழியும். அவ்வடிவில் எழுத்தொழுங்கும் கால ஒழுங்கும் ஒன்றே.

கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து அதிகாலை ஒரு மணிக்கு அறை கேட்பவருக்கு வேண்டியது நேற்றைய இரவு. நாட்காட்டி அதனை மறுத்துவிடும். இதற்கென விதியொன்று செய்வதைக் காட்டிலும், பக்கத்தின் அடியில் தொலைபேசி இலக்கத்தைப் பொறித்துவிடுவதே தக்கதென நான் கருதினேன்.

எஞ்சியிருப்பது ஒன்று. இருவர் இருவேறு இடங்களில் ஒரே நேரத்தில் 13 ஆம் இரவை வெறுமையாகக் காணலாம்; இருவரும் தெரிவுசெய்யலாம். திரையிலுள்ள தடை இருவரையும் நிறுத்தாது. மேற்கண்ட நிபந்தனையைத் தரவுத்தளமும், பதிவை ஏற்கும் அக்கணத்தில், மீண்டும் சோதித்தாதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் ஒரே அறைக்கு ஒன்றையொன்று மேவும் காலப்பகுதிகளை ஏற்காதவாறு கட்டுப்பாடு விதிக்க இடமளிக்கிறது. அங்கும் காலப்பகுதியை `[)` என்ற வடிவிலேயே குறித்தல் வேண்டும். பிந்தியவருக்கு, அறை சற்றுமுன் பதிவாகிவிட்டது என்ற செய்தியுடன் நாட்காட்டி புதிதாக வரையப்படும்.