டிசம்பர் மழையும் பதின்மூன்று லட்சமும்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு தம்பதி 2023 அக்டோபரில் என்னிடம் வந்தார்கள். கணவர் பட்டறையைப் பார்க்கிறார், மனைவி கணக்கைப் பார்க்கிறார். ஒரே ஒரு பார்ட்டியிடம் பதின்மூன்று லட்சம் ரூபாய் நின்றுவிட்டது. அந்தப் பார்ட்டி ஓடிப்போனவரல்ல, நொடித்தவருமல்ல. மாதம் தவறாமல் பணம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். இந்த வழக்கை இன்றும் என்னிடம் வரும் சிறு உற்பத்தியாளர்களிடம் எடுத்துச் சொல்வதற்குக் காரணமே அதுதான்.

நடந்தது இது. பில்லில் முப்பது நாள் தவணை என்று அச்சிட்டிருக்கிறது. மாதம் ஏறக்குறைய மூன்று லட்சத்துக்குப் பெட்டி போகிறது. 2022 டிசம்பர் தொடங்கும்போது பழைய பாக்கி மூன்று லட்சம். அது ஒரு மாதச் சரக்கின் விலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதத்திலிருந்து பார்ட்டி மாதம் இரண்டு லட்சம் மட்டும் அனுப்பத் தொடங்கினார். எந்த பில்லுக்கு என்று குறிப்பிடாமல் மொத்தமாக வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார். பணம் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் பயம் வரவில்லை. மாதம் ஒரு லட்சம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பத்து மாதத்தில் பாக்கி பதின்மூன்று லட்சமானது.

கொடுக்காதவரைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவரிடம்தான் சிறு தொழில்காரர் அதிகம் இழக்கிறார். அறவே கொடுக்காதவருக்கு மூன்றாவது வண்டியை யாரும் ஏற்றுவதில்லை. இரண்டு லட்சம் அனுப்புகிறவருக்கோ அந்த நன்றியிலேயே மூன்று லட்சத்துக்குச் சரக்கு போய்விடுகிறது.

அந்த அம்மாவிடம் ரூபாய்க்கு என்ன நிற்கும் என்று கேட்டேன். "எல்லாம் போக எட்டுப் பைசா நின்னாப் பெருசுங்க சார்" என்றார். மூன்று லட்சம் விற்றால் லாபம் இருபத்துநாலாயிரம். அதைப் பெற மாதா மாதம் ஒரு லட்சத்தை வெளியே விட்டிருக்கிறார்கள். காகித ஆலைக்கு முப்பது நாளில் பணம் கட்ட வேண்டும் என்பதால் அந்த ஒரு லட்சத்தையும் வங்கியின் ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதில் பத்து லட்சம் வராமல் போனால் அதை ஈடுகட்ட ஒன்றேகால் கோடிக்குப் பெட்டி விற்க வேண்டும். மேசையில் கணக்குப் போட்டுக் காட்டியபோது கணவர் நெடுநேரம் பேசவில்லை.

பணம் கேட்டுக் கடிதம் போனதும் பதில் வந்தது. 2022 டிசம்பரில் வந்த பெட்டிகள் மழையில் ஈரம் பாய்ந்து, ஓரம் உடைந்து, பனியன் கெட்டுவிட்டதாம். அதற்கு நான்கு லட்ச ரூபாய்க்கு டெபிட் நோட். தேதி 2023 நவம்பர். நாங்கள் மாதம் அனுப்பிய இரண்டு லட்சம் புதிய பில்களுக்குத்தான், பழைய டிசம்பர் பில்களைக் குறையுள்ள சரக்கு என்பதால்தான் நிறுத்தி வைத்திருந்தோம் என்று எழுதியிருந்தார்கள்.

பணம் கேட்டவுடன் பிறக்கும் தரக்குறைவுப் புகாரை இந்தத் தொழிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டிசம்பரில் திருப்பூரில் மழை பெய்தது உண்மை. அட்டை ஈரம் இழுக்கும் என்பதும் உண்மை. காகிதம் எதுவும் இல்லாமல் போயிருந்தால் இந்த வாதம் நின்றிருக்கும்.

காகிதம் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு லோடு போன மூன்றாம் நாளும் பார்ட்டியின் கணக்கருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "வணக்கம் சார். நேற்று முன்தினம் அனுப்பிய பெட்டிகள் நல்லபடியாக வந்து சேர்ந்தனவா? ஏதாவது குறை இருந்தால் உடனே சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்." அதற்கு வந்த பதில்கள் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "ஓகே மேடம்". மரியாதைக்காக எழுதியது என்றுதான் அவர் நினைத்திருந்தார். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 சொல்வது என்னவென்றால், சரக்கு வந்த பதினைந்து நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே அதை ஏற்றுக்கொண்ட நாள். பதினோரு மாதம் கழித்து வந்த டெபிட் நோட்டுக்கு அந்த ஒற்றைச் சொல் பதில்களே போதுமான மறுமொழியாக இருந்தன.

இரண்டாவது காகிதம் இன்னும் வலுவானது. மாதம் ஐந்தாம் தேதி அவர் மின்னஞ்சலில் ஸ்டேட்மென்ட் அனுப்புவார். வந்த இரண்டு லட்சம் எந்தெந்த பில்லில் வரவு வைக்கப்பட்டது, மீதம் நிற்கும் பில்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஆயிற்று என்று வரிசையாக இருக்கும். பழைய பில்லிலிருந்துதான் கழித்து வந்திருந்தார். கடனைக் கொடுப்பவர் எந்த பில்லுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் எதில் வரவு வைப்பது என்பது பணம் வாங்குபவரின் உரிமை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60 பிரிவுகள் இவை. இந்தப் பார்ட்டி ஒரு முறையும் பில் எண் சொன்னதில்லை. 2023 பிப்ரவரியில் வந்த இரண்டு லட்சத்தோடு டிசம்பர் பில்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று மார்ச் ஸ்டேட்மென்ட் சொல்கிறது. அதற்கு அவர்கள் கணக்கர் "நோட் செய்துகொண்டோம்" என்று பதில் எழுதியிருக்கிறார். ஆகவே ஈரமானதாகச் சொல்லப்பட்ட பெட்டிகளுக்கு அவர்கள் முழுப்பணமும் கொடுத்து முடித்தாயிற்று. நிற்பதெல்லாம் மே மாதமும் அதற்குப் பிறகும் போன சரக்கு. அதைப் பற்றி ஒரு புகாரும் கிடையாது.

கணவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பொறுமை இழந்து ஒரு நாள் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். "அந்தக் காசு எனக்கு வேண்டாமுங்க, நீங்களே வெச்சுக்குங்க, இனி பெட்டின்னு கேக்காதீங்க." எதிர்த்தரப்பு இதைப் பத்திரமாக வைத்திருந்து, பாக்கியை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று வாதிட்டார்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் ஸ்டேட்மென்ட் போயிருந்ததால் அது எடுபடவில்லை. கோபத்தில் சொன்னது ஒரு வரிதான், அதற்கு விளக்கம் சொல்லவே ஒரு அமர்வு போயிற்று.

தமிழ்நாட்டில் சிறு தொழில் வசதியாக்க மன்றங்கள் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என நான்கு இடங்களில் உண்டு. நாங்கள் கோவை மன்றத்தில் மனுப் போட்டோம். சரக்கு போவதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததும், அவர்கள் வாங்கி விற்கும் வியாபாரியாக இல்லாமல் உற்பத்தியாளராக இருந்ததும் வழியைத் திறந்தன. வியாபாரிக்கு உத்யம் எண் இருந்தாலும் தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இதை அறியாமல் வரும் நூல் வியாபாரிகளைத் திருப்பி அனுப்ப நேர்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சட்டத்தில் வட்டி கடுமையானது. எழுதிய தவணை எவ்வளவானாலும் நாற்பத்தைந்து நாளைத் தாண்டக் கூடாது. தவணை தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அப்போது வங்கி விகிதம் 6.75 சதவீதம், ஆகவே வட்டி 20.25 சதவீதம். பதின்மூன்று லட்சத்துக்கு மாதம் சுமார் இருபத்திரண்டாயிரம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் முக்கால் பங்கை முதலில் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சமரசப் பேச்சிலேயே இறங்கி வந்தார்கள். அசல் முழுதும் நான்கு தவணையில், வட்டியில் பாதியைத் தள்ளுபடி செய்வது என்று முடிந்தது. வட்டியை விட்டது சரிதான் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் அட்டைப்பெட்டி விற்று வாழ வேண்டியவர்கள் அவர்கள்.

நினைவூட்டல்கள் பணத்தை மீட்டுத் தந்தன. ஆனால் அது மாட்டிக்கொள்ளாமல் தடுத்திருக்க வேண்டியது கடன் வரம்பு. அது இல்லை. இப்போது ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கிறோம். ஒரு மாதச் சரக்கின் விலையோடு பத்து நாள் சரக்கின் விலையைச் சேர்த்தால் வருவது. இந்தப் பார்ட்டிக்கு அது நான்கு லட்சம். தொகை வரம்பு மட்டும் போதாது, ஏனென்றால் கொஞ்சம் பணம் அனுப்பி அதைக் குறைத்துக் காட்டிவிடலாம். அதனால் வயது வரம்பும் சேர்த்தோம்: எந்த ஒரு பில்லும் நாற்பத்தைந்து நாளைத் தாண்டி நிற்குமானால், மொத்தப் பாக்கி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வண்டி கிளம்பாது. அந்த அளவீட்டில் பார்த்தால், இவர்களுக்கு 2023 ஜனவரியிலேயே சரக்கு நின்றிருக்கும். அப்போது பாக்கி ஐந்து லட்சம்தான்.

வண்டியை நிறுத்துவதை எப்படிச் சொல்வது என்பதில்தான் அந்த அம்மாவுக்குத் தயக்கம். நாங்கள் எழுதியது இது: "வணக்கம் சார். உங்கள் ஆர்டர் தயாராக இருக்கிறது. பில் 214, பில் 219 இரண்டும் தவணை தாண்டியிருக்கின்றன. அவை வரவானதும் அன்றே வண்டி ஏற்றிவிடுகிறோம். எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் இங்கே ஏற்பாடு செய்துகொள்வேன்." இதில் மிரட்டல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஆனால் பெட்டி வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. கப்பல் தேதி நெருங்கும் கம்பெனிக்குப் பெட்டி இல்லாமல் ஆகாது. தேதி கேட்டால் அவர்கள் தேதி சொல்கிறார்கள், அது எழுத்தில் கிடைக்கும் இன்னொரு ஒப்புதல். பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்தோடு கிடைத்தால், மூன்று ஆண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

பில்லின் தலையில் உத்யம் எண்ணையும் அச்சடிக்கச் சொன்னேன். 2023-24 கணக்காண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்துக்குள் கட்டாத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. கட்டிய ஆண்டில்தான் காட்டலாம். மார்ச் மாதம் வந்தால் பார்ட்டிகளின் ஆடிட்டர்களே உத்யம் எண் கேட்டு எழுதுகிறார்கள், பழைய பில்கள் பலவும் அந்த மாதத்தில் தீர்ந்துவிடுகின்றன.

நான்கு தவணையில் மூன்று சொன்ன தேதியில் வந்தன. நான்காவது தவணைக்கான செக் பணமின்றித் திரும்பியது. வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதால் அந்த வாரமே அனுப்பினோம். பணம் கொடுக்க அவர்களுக்குச் சட்டம் தரும் பதினைந்து நாள் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. அந்தப் பார்ட்டி இப்போதும் அவர்களிடம்தான் பெட்டி வாங்குகிறார், நான்கு லட்ச வரம்புக்குள்.