கனடாவில் தேடப்பட்டது எந்த ‘லியோ’?

‘வெளிநாட்டுத் தமிழர்கள் என்ன பார்க்கிறார்கள்?’ எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அடிக்கடி எழும் கேள்வி இது. பதில் தேட நான் திறப்பது கூகுள் ட்ரெண்ட்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு படத்தின் பெயரைத் தட்டினால், எந்த நாட்டில் அதை எவ்வளவு ஆர்வமாகத் தேடினார்கள் என்று 0 முதல் 100 வரை எண் போட்டுக் காட்டும். அதை வைத்து ‘கனடாவே கொண்டாடுகிறது’ என்று தலைப்பு போடுவது ரொம்ப சுலபம். ஆனால், அந்த எண் எதைச் சொல்கிறது?

விஜய்யின் ‘லியோ’வையே எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 19-ல் தியேட்டருக்கு வந்த படம், நவம்பர் 24-ல் இந்தியாவிலும் 28-ல் வெளிநாடுகளிலும் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. அதே நெட்ஃப்ளிக்ஸில் நவம்பர் 21-ல் இன்னொரு ‘லியோ’ வந்திருந்தது. ஆடம் சாண்ட்லர் குரல் கொடுத்த அனிமேஷன் படம் அது. பள்ளி வகுப்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும், பல்லி போன்ற ஒரு கிழட்டுப் பிராணியின் கதை. அந்த வாரம் கனடாவில் `leo netflix` என்று தட்டியவர்களில் எத்தனை பேர் விஜய்யைத் தேடினார்கள், எத்தனை பேர் பிள்ளைகளுக்காகப் பல்லியைத் தேடினார்கள்? வெறும் சொல்லை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் கலந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே பக்கத்தின் கீழே ‘தொடர்புடைய தேடல்கள்’ இருக்கும். அங்கே சாண்ட்லர் பெயர் தெரிந்தால் அது பல்லிக் கூட்டம். லோகேஷ், அனிருத் தெரிந்தால் நம் கூட்டம். இதைவிட நல்ல வழி, பெயரைத் தட்டும்போது கீழே விரியும் பட்டியலில் ‘2023 திரைப்படம்’ போன்ற குறிப்போடு வரும் டாபிக்கைத் தேர்வு செய்வது. தமிழில் தட்டினாலும் ஆங்கிலத்தில் தட்டினாலும், அந்தப் படத்துக்கான தேடல்களை கூகுள் ஒன்றாகத் திரட்டித் தரும்.

அடுத்தது அந்த 100. இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. அந்த நாட்டில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தப் படத்தின் பங்கு என்ன என்பதே கணக்கு. இந்தியாவில் நூறு பேரில் சுமார் 6 பேருக்குத்தான் தமிழ் தாய்மொழி. இலங்கையில் முஸ்லிம்களையும் சேர்த்தால் தமிழ் பேசுபவர்கள் நூற்றில் ஏறக்குறைய 25 பேர். தமிழ் பேசுபவர்கள் மட்டுமே, இரு நாட்டிலும் ஒரே ஆர்வத்தோடு தேடினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இலங்கை 100 என்றால் இந்தியா 24 என்றுதான் காட்டும். ‘இலங்கையில் நான்கு மடங்கு மோகம்’ என்று எழுதினால் அது பொய்.

அதனால் நான் இந்தியாவை விட்டுவிட்டு தமிழ்நாட்டைத் தனியாக எடுப்பேன். பிறகு நாட்டோடு நாட்டை ஒப்பிடாமல், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தமிழ்ப் படங்களை ஒப்பிடுவேன். அதே 2023-ல் வந்த ‘ஜெயிலர்’, ‘லியோ’ இரண்டையும் போட்டு, ஆண்டு முழுவதற்கும் பார்க்கலாம். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் இரண்டும் சமமாகவும், மலேசியாவில் ஒன்று மற்றதைப்போல இரு மடங்காகவும் இருந்தால், அதை ரசனை வித்தியாசம் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஏனென்றால், தமிழர்கள் அங்கே எத்தனை பேர் என்பது இரண்டு படத்துக்கும் பொது.

இதிலும் பிடிபடாதவர்கள் உண்டு. எங்கள் சிலமலைப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வரை போகிறவர்கள் ஏராளம். மதிய இடைவேளையில் அங்கே அவர்கள் தேடும் தமிழ்ப் பாட்டு கேரளாவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அம்மா விஷயம் இன்னும் வேறு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து டி.வி-யைப் போட்டால் சீரியல் தானாக ஓடும். எதையும் தட்டவே மாட்டார். துபாயில் இருக்கும் சித்தி மகளோ அதே சீரியலைத் தினமும் பெயர் தட்டித்தான் பார்க்கிறாள். ட்ரெண்ட்ஸுக்கு துபாய் வீடு தெரியும், சிலமலை வீடு தெரியாது. டி.வி பார்ப்பதை அளக்க, மாதிரி வீடுகளில் மீட்டர் வைத்திருக்கும் பார்க் அமைப்பின் ரேட்டிங் தனியாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் ‘ஊரில் சீரியல் மோகம் போச்சு’ என்று எழுதினால், அம்மா மாதிரி லட்சக்கணக்கானவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள். அவர்களுக்காக எழுதுவதும் மெல்லக் குறையும்.

அதனால் ட்ரெண்ட்ஸ் செய்திக்கு நான் தலைப்பு வைக்கும்போது ‘பார்க்கிறார்கள்’ என்று போடுவதில்லை. ‘தேடுகிறார்கள்’ என்றுதான் போடுகிறேன்.