500 ரூபாய் வேறுபாடு எதற்கு?

தில்லி முனிர்க்காவில், உதவித்தொகையை நம்பி அறையெடுத்து வாழும் ஆய்வு மாணவர்கள் நாங்கள் மூவர். வாரம் இருமுறை இட்லி மாவு, நாள்தோறும் ஒரு சட்னி: இதற்கு ஒரு மிக்ஸி தேவைப்பட்டது. தேடலின் முடிவில் இரண்டு எஞ்சின. இரண்டும் 750 வாட்; இரண்டிலும் மூன்று எவர்சில்வர் ஜார்கள். ஒன்று 3,400 ரூபாய், மற்றொன்று 3,900. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் 500 ரூபாய் சிறிய தொகையன்று. அது எதற்கான விலை என்பதே கேள்வி.

வாட் விடை தரவில்லை. அது மோட்டார் இழுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி, கத்தியைச் சென்றடையும் வலிமையன்று. ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். சட்னிக்கும் பொடிக்கும் 500 வாட் போதும். ஊறிய அரிசியையும் உளுந்தையும் அடிக்கடி அரைப்பவருக்கு 750 நல்லது. அவ்வளவே அந்த எண் சொல்வது.

ஜார் சற்றுக் கூடுதலாகப் பேசியது. காலி ஜாரில் கத்தியின் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். விலை குறைந்ததில் மெல்லிய ஆட்டம் இருந்தது. தண்டைத் தாங்கும் புஷ் தளர்ந்தால் ஆட்டம் பெருகும். பிறகு அடியில் நீர் கசியும், கசிவு மோட்டாருக்குள் இறங்கும்.

உத்தரவாதத்தில் இரண்டும் பொருள் முழுமைக்கும் இரண்டு ஆண்டுகள் அளித்தன. விலை கூடியது மோட்டாருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் என்றது. கவர்ச்சியான எண்தான். ஆனால் இரண்டு அட்டைகளும் தேய்மானப் பொருள்களை விலக்கியிருந்தன. சமையலறையில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் மோட்டாரன்று. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரும், ஜாரின் புஷ்ஷும்தான். கத்தி சிக்கிக்கொள்ளும்போது மோட்டாருக்கு முன் கப்ளர் பல்லிழப்பது ஒருவகையில் நன்மையே. ஆனால் மாற்றுக் கப்ளர் கிடைக்காவிட்டால், உத்தரவாதம் உயிரோடிருக்கும் மிக்ஸி அலமாரியில் உறங்கும்.

ஆகவே வாங்குமுன் எங்கள் தெருமுனையில் மிக்ஸி பழுதுபார்ப்பவரிடம் இரண்டின் மாதிரிப் பெயர்களையும் சொல்லிக் கேட்டேன். முதலாவதற்குக் கப்ளர் உண்டு. புஷ் தனியே வராது, ஜாரையே வாங்கவேண்டும் என்றார். அதன் சர்வீஸ் சென்டரோ இரண்டு மெட்ரோ மாறிச் செல்லும் தொலைவில் இருந்தது. இரண்டாவதற்கு இரண்டும் அவரிடமே இருந்தன. கத்தியையும் தனியே மாற்றித் தருவாராம்.

500 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறத்தாழ எட்டு ரூபாய். மூவருக்கும் பிரித்தால் மூன்று ரூபாய்கூட இல்லை. ஒரேயொரு முறை புது ஜார் வாங்க நேர்ந்தாலும் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். இரண்டாவதை வாங்கினோம்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. தனியாக வாழ்ந்து, சட்னி மட்டும் அரைத்து, ஓராண்டில் ஊர் மாறவிருப்பவருக்கு 500 வாட் மிக்ஸியே மிகுதி. மாவரைக்கும் வீட்டினர் மட்டும், கடைக்காரருக்கு முன் பழுதுபார்ப்பவரிடம் விலை விசாரிப்பது நல்லது.