ரெண்டு நீல டிக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு உம்மா என்னைப் பார்த்து, "நீ யாருட புள்ள?" என்று கேட்டா. மறதி இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் என்னையே மறப்பா என்று நினைக்கவில்லை. அறைக்குள் போய் என் சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். பதினொரு வருசம் ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். இப்போது இடமாற்றம் கிடைத்து வேறு ஊரில் படிப்பிக்கிறாள்.

பத்து நிமிடத்தில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. புதன்கிழமை அவளுடைய ஸ்டேட்டஸில் பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்கள். எங்கள் பழைய ஆசிரியர் குரூப்பில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தும் போட்டிருந்தாள்.

அன்றிரவு நான் எழுதியது இது: "பாத்துட்டும் பதில் போட மனம் வரல்ல என்ன? குரூப்பில வாழ்த்துப் போட மட்டும் நேரம் இருக்கு. இப்ப நாங்க யாரு உனக்கு."

அனுப்பவில்லை. பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற மாதிரி அதைத் திரும்ப வாசித்தேன். மூன்று வசனம். மூன்றும் அவளுடைய மனதைப் பற்றியவை. எனக்கு உண்மையில் தெரிந்தது, நான் எழுதியதும் பதில் வராததும் எனக்கு வலித்ததும்தான். நீல டிக் சொல்வது அந்தப் பக்கம் அவளுடைய போனில் திறக்கப்பட்டது என்பதை மட்டும். திறந்தது மகனாகவும் இருக்கலாம். அவளே வாசித்திருந்தாலும், வாசித்தபோது எப்படி இருந்தாள் என்று அது சொல்லாது.

பிறந்தநாள் வாழ்த்தை இழுத்ததுதான் பெரிய பிழை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் "நீ விளையாடினதை நான் கண்டன்" என்று தொடங்கினால், அந்தப் பிள்ளை வீட்டுவேலை ஏன் செய்யவில்லை என்று சொல்லாது. விளையாடவில்லை என்றுதான் வாதாடும். சாட்சியை முன்னால் வைத்தால் பதில் வராது, வாதம்தான் வரும். சாடையாக ஒரு ஸ்டேட்டஸ் போடவும் கை போனது. அதை நூறு பேர் பார்ப்பார்கள், அவளுக்கு மட்டும் விளங்கும். அதையும் அழித்தேன்.

வியாழக்கிழமை பின்நேரம், அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் பார்த்து இதை அனுப்பினேன்:

"ஞாயிறு இரவு உம்மாட விசயம் எழுதினன். உன்னட்ட ஒரு சொல் வரும் எண்டு நாலு நாளும் பாத்துக்கொண்டு இருந்தன், வரல்ல எண்டதும் மனம் நொந்து போச்சு. உனக்கு அங்க என்ன பாடோ எனக்குத் தெரியா. பெரிசா ஒண்டும் எழுதத் தேவல்ல. 'பாத்தன், மறுகா கதைக்கிறன்' எண்டாலே எனக்குக் காணும்."

"ஏன்" என்ற கேள்வி அதில் இல்லை. "எப்பவும் இப்படித்தான்" என்பதும் இல்லை. ஆனால் மனம் நொந்தது என்பதை மறைக்கவும் இல்லை. "பரவாயில்ல, சும்மா கேட்டன்" என்று எழுதியிருந்தால் அவளுக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது. கடைசி வரிதான் முக்கியம். அவள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றை அது காட்டியது.

கால் மணித்தியாலத்தில் கோல் எடுத்தாள். "பஸ்ஸுக்குள்ள வெச்சு வாசிச்சன் கா. இதுக்கு ரெண்டு சொல்லில பதில் போடேலா, வீட்ட போய் ஆறுதலா எழுதுவம் எண்டு வெச்சன். மறுநாள் வேலை. அதுக்குப் பிறகு, இவ்வளவு பிந்தி என்னத்த எழுதுற எண்டு வெக்கமாப் போச்சு. ஒவ்வொரு நாளும் திறந்து பாத்துட்டு மூடினன்."

வாழ்த்துக்கு யோசிக்கத் தேவையில்லை, அதனால் உடனே போட்டாள். என் செய்திக்கு யோசித்தாள், அதனால் பிந்தினாள். பிந்தப் பிந்த நல்ல பதிலாக எழுத வேண்டிய கடன் கூடியது. இங்கே நான் கோபத்தை வளர்த்த நாலு நாளும் அங்கே அவள் வெட்கத்தை வளர்த்திருக்கிறாள். அதற்காக என் வலி பொய் என்றாகாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை, "நீ சொன்னது நல்லம்" என்றாள்.

அதற்கும் பதில் வராமல் இருந்திருந்தால்? மூன்றாவது தடவை எழுதுவதில்லை என்று முதலே முடிவெடுத்திருந்தேன். ஒரு தடவை கோல் எடுத்துப் பார்ப்பது. அதற்கும் இல்லை என்றால், உம்மாவின் கதையை வேறு யாரிடமாவது சொல்வது. ஒரு தடவை சொன்னால் அது வலி. திரும்பத் திரும்பச் சொன்னால் அது வழக்கு.

நேற்று உம்மா வாப்பாவைத் தேடினா. வாப்பா மௌத்தாகி ஒன்பது வருசம். சிநேகிதிக்கு எழுதினேன். நீல டிக் விழுந்த கையோடு பதில் வந்தது: "பாத்தன் கா. மறுகா."

இரவு ஒன்பதரைக்குக் கோல் எடுத்தாள்.